ரெண்டு பெறுமானமும் சரி வந்தது, விடை மட்டும் பிழை

உயர்தர இணைந்த கணிதம் படிப்பிக்கிற எனக்கும் இன்னொரு ஆசிரிய நண்பருக்கும் இடையில் ரொம்ப நாளாக ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. சமனிலி ஒன்றுக்கு விடை எடுத்த பிறகு, விடைக்கு உள்ளே ஒரு பெறுமானம், வெளியே ஒரு பெறுமானம் போட்டுப் பார்த்துச் சரிபார்க்கலாம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். அவருக்கு அது பிடிக்காது. "அது கணிதம் இல்லைங்க, குருட்டாம்போக்கு. எண்ணைப் போட்டுப் பார்த்து ஒன்றையும் நிறுவ முடியாது" என்பார். ஹட்டன் டவுனில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இதே பேச்சுதான். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும், ஆனால் எந்தப் பாதி என்று தெளிவாகச் சொல்ல வரவில்லை. அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தப் பாதி எது என்று ஒரு கணக்குதான் காட்டிக் கொடுத்தது. கணக்கு ரொம்பச் சாதாரணம்:

```
(x + 3)/(x − 1) ≥ 2
```

இதில் பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்பது இந்தப் பாடம் எடுக்கிற எல்லாருக்கும் தெரியும். கீழே இருக்கிற x − 1 ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பெருக்குவார்கள். x + 3 ≥ 2x − 2 என்று வரும், அதிலிருந்து x ≤ 5. சமன்பாடாக இருந்தால் இதில் ஒரு குற்றமும் இல்லை. சமனிலியில் x − 1 மறையாக இருந்தால் குறி திரும்ப வேண்டும், நேரா மறையா என்று தெரியாமல் பெருக்கக்கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

வகுப்பில் பொகவந்தலாவைப் பக்கமிருந்து வருகிற ஒரு பிள்ளை இருக்கிறாள். கெட்டிக்காரி, சொன்னதைச் செய்கிறவள். இந்தக் கணக்கில் அவளும் x ≤ 5 என்றுதான் எழுதியிருந்தாள். பிழை என்றேன். அவள் உடனே கொப்பியின் ஓரத்தைக் காட்டினாள். பென்சிலால் சின்னதாக இரண்டு வரி. x = 3 போட்டால் 6/2, அதாவது 3; அது 2 ஐவிடப் பெரியது, உண்மை. x = 6 போட்டால் 9/5, அதாவது 1.8, அது 2 ஐவிடச் சின்னது, பொய். "சேர், நீங்க சொன்ன மாதிரியே உள்ளுக்கு ஒன்னு, வெளிய ஒன்னு போட்டேன். உள்ளுக்குப் போட்டது உண்மையா வந்துச்சு, வெளிய போட்டது பொய்யா வந்துச்சு. அப்புறம் எப்படி சேர் பிழை?"

நியாயமான கேள்வி. சரியான விடை 1 < x ≤ 5. அவளுடைய விடையில் 1 ஐவிடச் சின்ன எண்கள் அத்தனையும் வேண்டாத சரக்காக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவள் 0 ஐப் போட்டிருந்தால் 3/(−1), அதாவது −3 வந்திருக்கும். −3 எங்கே, 2 எங்கே, விடை அங்கேயே விழுந்திருக்கும். 0 என்ன, 1 க்குக் கீழே எந்த எண்ணைப் போட்டிருந்தாலும் விழுந்திருக்கும். இடது பக்கத்தை 1 + 4/(x − 1) என்று எழுதிப் பாருங்கள். x ஆனது 1 ஐவிடச் சின்னதானால் பின்னால் கூட்டுவது மறை, ஆகவே மொத்தமும் 1 ஐயே தொடாது, 2 க்கு எங்கே போவது. அவள் எடுத்த 3 நல்ல பகுதிக்குள் விழுந்துவிட்டது. 2 எடுத்திருந்தாலும் அப்படித்தான், 4 எடுத்திருந்தாலும் அப்படித்தான்.

"ஏன் 0 போடல?" என்று கேட்டேன். வழக்கமாகப் பிள்ளைகளுக்கு முதலில் கை போவது 0 க்குத்தான், லேசு என்பதால். அவள் சொன்ன பதில்தான் என்னை நிறுத்தியது. "0 போட்டா கீழ மறை வருது சேர். குழப்பமா இருக்கும்னு விட்டுட்டேன்."

இதை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். கீழே மறை வருமே என்று யோசிக்காமல் பெருக்கியதுதான் அவளுடைய பிழைக்கே காரணம். சோதிக்கிற எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போதும் அதே மறையைத்தான் அவள் கை தவிர்த்திருக்கிறது. பிழையும் சோதனையும் ஒரே பழக்கத்திலிருந்து பிறந்தவை, அப்புறம் ஒன்று மற்றதை எப்படிக் காட்டிக் கொடுக்கும்? "உள்ளே ஒன்று, வெளியே ஒன்று" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், எந்த உள்ளே என்பதைப் பிள்ளையின் கைதான் தீர்மானிக்கும். கை எப்போதும் சின்ன, நேரான, முழு எண்ணைத்தான் தேடும்.

வெட்டை எங்கிருந்து எடுப்பது

அவளுடைய சோதனையில் குறை இதுதான். எண்கோட்டை அவள் தன் விடையை வைத்து வெட்டினாள். விடையில் இருக்கிற எல்லை 5 ஒன்றுதான், ஆகவே கோடு இரண்டு துண்டானது, துண்டுக்கு ஒரு எண் போட்டாள். ஆனால் சந்தேகத்துக்குரியதே அந்த விடைதானே. அதையே கேட்டு எங்கே வெட்டலாம் என்று முடிவெடுத்தால், விடை மறைக்கிறதைச் சோதனையும் மறைக்கும்.

கேள்வியிடம் கேட்க வேண்டும். கேள்வியில் இரண்டு வகையான இடங்களில்தான் உண்மை பொய்யாக மாற முடியும். இரண்டு பக்கமும் சமனாகிற இடம் ஒன்று. ஏதாவது ஒரு பக்கம் அர்த்தமில்லாமல் போகிற இடம் மற்றது. (x + 3)/(x − 1) = 2 என்று போட்டால் x = 5. பகுதி பூச்சியமாகிற இடம் x = 1. ஆக வெட்டுகள் 1 உம் 5 உம். கோடு மூன்று துண்டு: 1 க்குக் கீழே, 1 க்கும் 5 க்கும் இடையே, 5 க்கு மேலே. துண்டுக்கு ஒரு எண் போட்டால் 0 பொய், 3 உண்மை, 6 பொய். x ≤ 5 என்கிற விடை முதல் துண்டையும் உண்மை என்கிறது, ஆகவே விடை பிழை. மூன்று எண்ணிலேயே முடிந்துவிட்டது.

துண்டுக்கு ஒரு எண் போதுமா என்று உடனே கேட்பீர்கள், நண்பரும் அதைத்தான் கேட்டார். ஒரு எண் உண்மை என்றால் அந்தத் துண்டு முழுக்க உண்மை என்று எப்படிச் சொல்லலாம்? சொல்லலாம், அதற்குக் காரணம் இருக்கிறது. ஹட்டனில் ஏறிப் பட்டிபொல போகிற ரயில் 1800 மீற்றருக்கும் மேலே இருக்கிற அந்த ஸ்டேஷனைத் தொட வேண்டும் என்றால், வழியில் 1500 மீற்றரை எங்கேயாவது ஓரிடத்தில் கடந்தே ஆக வேண்டும். தண்டவாளம் தொடர்ந்து போகிற வரைக்கும் தாவிப் போக முடியாது. அதே மாதிரிதான் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்தைக் கழித்த சார்பும். அது தொடர்ச்சியாக இருக்கிற துண்டில் நேரிலிருந்து மறைக்குப் போக வேண்டுமானால் நடுவில் பூச்சியத்தைத் தொட்டாக வேண்டும். பூச்சியமாகிற இடங்களையெல்லாம் நாம் ஏற்கனவே வெட்டியாயிற்று. தண்டவாளம் அறுந்துபோகிற இடத்தையும், அதாவது x = 1 ஐயும், வெட்டியாயிற்று. எனவே மிச்சத் துண்டுகளுக்குள் குறி மாற வழியே இல்லை. ஒரு எண் சொல்வதைத் துண்டு முழுதும் சொல்லும்.

ஆகவே நண்பருடைய பாதி நியாயம் எது என்று இப்போது சொல்ல முடிகிறது. விடையைப் பார்த்து மனம்போன எண்ணைப் போடுவது ஒன்றையும் நிறுவாது. பொய் வந்தால் விடை செத்தது என்று காட்டும், அவ்வளவே. கேள்வியின் வெட்டுகளை எல்லாம் எடுத்து, துண்டுக்கு ஒன்று போட்டால் அது நிறுவல்தான். அவர் கரும்பலகையில் போடுகிற குறி அட்டவணை இருக்கிறதே, + − + என்று, அதில் ஒவ்வொரு கட்டத்தையும் அவர் எப்படி நிரப்புகிறார்? மனதுக்குள் ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்துத்தானே. இதை அவரிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, "அட்டவணைக்குப் புள்ளி இருக்கு, உங்க பென்சில் வரிக்குப் புள்ளி இல்ல" என்றார். அதுவும் உண்மைதான்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எண்ணைப் போட வேண்டியது முதல் வரியில், கேள்வி எப்படித் தரப்பட்டதோ அப்படியே. அதே வகுப்பில் இன்னொரு பையன் தைரியமாக 0 போட்டான், ஆனால் பெருக்கி முடித்த x + 3 ≥ 2x − 2 என்ற வரியில் போட்டான். 3 ≥ −2, உண்மை. விடைக்குள் இருக்கிற எண்ணுக்கு உண்மை வந்தது, சரி என்று அடிக்கோடும் போட்டுவிட்டான். பிழை நடந்தது முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில். இரண்டாம் வரியில் போட்டுப் பார்ப்பவனுக்கு அது எப்போதும் தெரியாது.

வெளியே போடுவது எதற்கு

மேலே பார்த்தது விடை அளவுக்கு மிஞ்சிப் பெருத்துப்போன கதை. அதை உள்ளே போடுகிற எண் பிடிக்கும். விடை சுருங்கிப்போனால் உள்ளே எத்தனை எண் போட்டாலும் தெரியாது. வெளியே போடுகிற எண்தான் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் உள்ளே போடுவதோடு நிறுத்திக்கொள்வதால் இந்த வகைப் பிழைகள் பரீட்சை வரைக்கும் பத்திரமாகப் போய்ச் சேருகின்றன. இதற்கு நான் கொடுக்கிற கணக்கு:

```
√(x + 6) > x
```

வர்க்கித்தால் x + 6 > x², அதாவது x² − x − 6 < 0, அதாவது (x − 3)(x + 2) < 0. விடை −2 < x < 3 என்று எழுதிவிட்டு அழகாகக் கோடு போடுவார்கள். உள்ளே 0 போட்டால் √6 > 0, உண்மை. வெளியே வலப்பக்கம் 10 போட்டால் 4 > 10, பொய். இடப்பக்கம் −10 போட்டால் வர்க்கமூலத்துக்குள் −4 வருகிறது, அர்த்தமில்லை, ஆகவே தீர்வு இல்லை. உள்ளே ஒன்று, வெளியே இரு பக்கமும் ஒவ்வொன்று, மூன்றும் விடைக்கு ஒத்துப்போகின்றன. விடை பிழை.

−5 ஐப் போட்டுப் பாருங்கள். √1 > −5. உண்மை, ஆனால் −5 விடைக்கு வெளியே கிடக்கிறது. வலது பக்கம் மறையாக இருந்தால், இடது பக்கத்து வர்க்கமூலம் அர்த்தத்தோடு இருக்கிற வரைக்கும் இந்தச் சமனிலி சும்மாவே உண்மை. சரியான விடை −6 ≤ x < 3. இடது பக்கத்தில் −6 இலிருந்து −2 வரைக்கும் ஒரு நல்ல துண்டு முழுக்க வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. −10 என்று தூரமாகப் போன கை அந்தத் துண்டைத் தாண்டிப் போய்விட்டது. வெளியே என்றால் தூர என்று பிள்ளைகள் நினைப்பார்கள். எல்லைக்குப் பக்கத்தில், அதுவும் இரு பக்கத்திலும் போட வேண்டும்.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு ஒன்று, அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம். விடையில் வந்த எல்லையையே எடுத்து முதல் வரியில் போடுங்கள். 3 ஐப் போட்டால் √9 உம் 3 உம், இரண்டு பக்கமும் சமன், நிஜமான எல்லை. −2 ஐப் போட்டால் √4, அதாவது 2, மறுபக்கம் −2. சமனில்லை. எதுவும் அர்த்தமில்லாமலும் போகவில்லை. இரண்டு பக்கமும் சமனாகாமல், எதுவும் உடையாமல் இருக்கிற இடத்தில் உண்மை பொய்யாக மாற முடியாது என்று மேலே பார்த்தோமே. அப்படியானால் −2 ஒரு எல்லையே இல்லை. அது கேள்வியில் இல்லாத ஒன்று, வர்க்கித்தபோது பிறந்தது. −2 க்கும் 2 க்கும் வர்க்கம் ஒன்றுதான், வர்க்கித்த வரிக்கு வித்தியாசம் தெரியாது. நிஜ வெட்டுகள் −6 உம் (அங்கே வர்க்கமூலம் தொடங்குகிறது) 3 உம் மட்டும்.

ஆகவே போலி எல்லையை இந்த வழியில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் விட்டுப்போன எல்லையைக் கண்டுபிடிக்க முடியாது. முதல் கணக்கில் 5 ஐப் போட்டால் 8/4, சரியாக 2, நிஜ எல்லை என்றுதான் காட்டும். 1 ஐப் பற்றி அது வாயே திறக்காது. அதற்குக் கேள்வியிடம்தான் போக வேண்டும்.

எல்லைகளையும் போடுவது

துண்டுக்கு ஒன்று போட்டு முடித்ததும் வேலை முடிந்தது என்று எழும்பிவிடக்கூடாது. எல்லைப் புள்ளிகள் எந்தத் துண்டிலும் சேராதவை, அவற்றைத் தனித்தனியே பார்க்க வேண்டும். முதல் கணக்கில் 5 விடைக்குள் வரும், ≥ இருப்பதால். 1 வராது, அங்கே பகுதியே பூச்சியம். கேள்வியில் ≥ இருக்கிறது என்பதற்காக இரண்டு முனையையும் சேர்த்து 1 ≤ x ≤ 5 என்று எழுதுகிறவர்கள் ஏராளம். பரிசோதகருக்கு அது புள்ளி வெட்ட வாகான இடம்.

இதைவிட நுணுக்கமானது (x − 2)²(x + 1) ≤ 0 போன்றவை. வெட்டுகள் −1 உம் 2 உம். −2 போட்டால் 16 × (−1), மறை, உண்மை. 0 போட்டால் 4, பொய். 3 போட்டால் 1 × 4, அதுவும் பொய். துண்டுகள் மூன்றும் முடிந்தன, விடை x ≤ −1 என்று எழுதத் தோன்றும். ஆனால் x = 2 இல் இடது பக்கம் பூச்சியம், 0 ≤ 0 உண்மைதானே. இரண்டு பொய்த் துண்டுகளுக்கு நடுவில் தனியாக ஒரு புள்ளி தீர்வாக இருக்கிறது. விடை x ≤ −1 அல்லது x = 2. எண்கோட்டில் ஒரு கறுத்த புள்ளி மட்டும் தனியாக நிற்கும். துண்டுகளுக்குள் எத்தனை ஆயிரம் எண் போட்டுப் பார்த்தாலும், சரியாக 2 ஐப் போடாமல் இது அகப்படாது. அந்த வர்க்கம்தான் அடையாளம்: பூச்சியத்தைத் தொட்டுவிட்டு அதே பக்கம் திரும்பிவிடுகிறது, குறி மாறுவதில்லை.

இந்த முறைக்கு ஒரு வரம்பும் இருக்கிறது. வெட்டுகளைச் சரியாக எடுப்பது ஒரு சமன்பாட்டைத் தீர்க்கிற வேலை. அதில் ஒரு மூலத்தை விட்டுவிட்டால், இரண்டு துண்டு ஒரு துண்டாகத் தெரியும், எண்ணும் பொய் சொல்லும். ஆகவே நான் பிள்ளைகளிடம் கேட்கிறது, விடைக்கு முன்னால் வெட்டுகளைத் தனியாக ஒரு வரியில் எழுதுங்கள் என்றுதான். விடை எடுத்த பிறகு எழுதினால் அந்த விடையே கையைப் பிடித்து இழுக்கும்.

இப்போதெல்லாம் மாசத்தில் ஒரு வகுப்பில் கணக்கும் விடையும் சேர்த்து, விடையைப் பிழையாகவே கொடுத்துவிடுகிறேன். தீர்க்க வேண்டாம், விடையைக் கொல்லுகிற ஒரு எண்ணை மட்டும் கண்டுபிடிக்க வேண்டும். போன தடவை கொடுத்தது |x − 1| < 2x. விடை x < −1 அல்லது x > 1/3 என்று எழுதிப் போட்டேன். உள்ளே 1 போட்டால் 0 < 2, உண்மை. வெளியே 0 போட்டால் 1 < 0, பொய். வழக்கமான இரண்டு எண்ணும் விடைக்கு ஒத்துப்போயின, வகுப்பில் பாதிப் பேர் "சரியா இருக்கே சேர்" என்றார்கள். பின் வாங்கிலிருந்த ஒரு பையன் மட்டும் எண்ணே தேடாமல் எல்லைகளை எடுத்து முதல் வரியில் போட்டான். 1/3 க்கு இரண்டு பக்கமும் 2/3, நிஜ எல்லை. −1 க்கு இடது பக்கம் 2, வலது பக்கம் −2. "இது போலி சேர், வர்க்கிச்சு எடுத்திருக்கீங்க" என்றான். அப்புறம் −2 ஐப் போட்டு 3 < −4 என்று எழுதி, x < −1 என்ற பாதியை நெடுக வெட்டிவிட்டு, x > 1/3 ஐ மட்டும் கட்டம் கட்டினான்.